பத்து பத்தா ஏறுற ஏணி: எறும்புலருந்து அணு வரைக்கும் அளந்து பாத்த கதை

காட்பாடி பக்கம் நாங்க நடத்துற டியூஷன்ல சனிக்கிழமை சாயங்காலம் பாடம் எடுக்கறதில்ல, ஏதாவது ஒன்னு கையால செய்வோம். இந்த தடவ எடுத்தது சைஸ் ஏணி. அணு, வைரஸ், செல், எறும்புனு வரிசையா படம் போட்ட சார்ட் எல்லா ஸ்கூல்லயும் தொங்குது, அதுல இருக்குற நம்பர பசங்க மனப்பாடம் பண்ணிட்டு போயிடுறாங்க. அதனால ஒரே ஒரு கண்டிஷன் வச்சோம், ஏணில தொங்குற அட்டை பச்சை கலர்ல இருந்தா அது நாங்களே அளந்தது, சிவப்பா இருந்தா புக்குல பாத்து எழுதுனது. எத்தன பச்சை வருதுனு பாக்கலாம்னு ஆரம்பிச்சோம்.

ஏணி நெஜ ஏணிதான். தெரிஞ்ச வெல்டர் அண்ணன் ஒருத்தர் பழைய ஸ்கொயர் பைப்புல அடிச்சு குடுத்தாரு. ஒம்பது படி, ரெண்டு படிக்கு நடுவுல கரெக்டா 30 சென்டிமீட்டர். அடிப்படி 10⁻¹⁰ மீட்டர், அதாவது அணு. உச்சிப்படி 10⁻² மீட்டர், அதாவது ஒரு சென்டிமீட்டர், நல்லா வளந்த கட்டெறும்பு. எட்டு இடைவெளி, மொத்தம் 240 சென்டிமீட்டர். ஒவ்வொரு படி ஏறுறப்பவும் சைஸ் பத்து மடங்கு.

முதல்ல வந்த சண்டை, ரெண்டு படிக்கு நடுவுல வர்ற பொருள எங்க தொங்க விடுறது? 5 மில்லிமீட்டர்னா 1-க்கும் 10-க்கும் நடுவுலதான, அப்போ பாதில, 15 சென்டிமீட்டர்ல மாட்டலாம்னு பசங்க சொன்னாங்க. அது தப்பு, இந்த ஏணில பாதி உயரம்னா பாதி சைஸ் இல்ல. பாதி ஏறுனா 3.16 மடங்கு, மீதிப் பாதி ஏறுனா இன்னொரு 3.16 மடங்கு, ரெண்டையும் பெருக்குனாதான் பத்து. அதனால கால்குலேட்டர்ல log போட்டுதான் இடம் கண்டுபிடிக்கணும். அடிப்படிலருந்து எவ்ளோ உயரம்னு கேட்டா

உயரம் (செ.மீ.) = 30 × (log₁₀(மீட்டர்ல சைஸ்) + 10)

இத செஞ்சு பாத்தா 2 மடங்குக்கு 9 சென்டிமீட்டர், 3-க்கு 14.3, 5-க்கு 21. ஒரு பையன் இத ஒரு பழைய மர ஸ்கேல்ல மார்க் பண்ணி வச்சுகினான், அப்புறம் எந்த படிக்கு நடுவுலயும் அந்த ஸ்கேல வச்சா போதும், திரும்பத் திரும்ப கணக்கு போட வேணாம்.

எறும்பு ஈஸி. டப்பால போட்டு கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சா ஓடாம அசந்து நிக்கும், கிராஃப் ஷீட் மேல கவுத்து அளந்துட்டு வெயில்ல விட்டா எழுந்து போயிடும். சித்தெறும்பு 2 மில்லிமீட்டர், 219 சென்டிமீட்டர் உயரத்துல பச்சை அட்டை. கட்டெறும்பு உச்சில.

தலைமுடிக்கு ஸ்கேல் உதவாது, லேசர் உதவும். சாவிக்கொத்துல வர்ற சிவப்பு லேசர் லைட் இருக்குல்ல, அது முன்னாடி ஒத்த முடிய நேரா ஒட்டி வச்சு 3 மீட்டர் தள்ளி சுவர்ல அடிச்சா ஒரு புள்ளி விழாது, குறுக்கால நீளமா ஒரு கோடு, நடுநடுவுல இருட்டு இருட்டா இடைவெளி விட்டு விழும். அந்த இருட்டுங்களுக்கு நடுவுல இருக்குற தூரத்த அளந்தா போதும். ஒவ்வொன்னா அளக்காதீங்க, ஓரம் மங்கலா இருக்கும், முதல் இருட்டுலருந்து அஞ்சாவது இருட்டு வரைக்கும் அளந்து நாலால வகுங்க. எங்களுக்கு 10.4 சென்டிமீட்டர், அப்போ ஒன்னுக்கு 2.6. லேசரோட அலைநீளம் 650 நானோமீட்டர், அத 3 மீட்டரால பெருக்கி 0.026 மீட்டரால வகுத்தா 75 மைக்ரான். மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு மைக்ரான், மைக்ரான்ல ஆயிரத்துல ஒரு பங்கு நானோமீட்டர். 176 சென்டிமீட்டர்ல அட்டை. இதுல ஒரு அழகு இருக்கு, முடி எவ்ளோ மெலிசா இருக்கோ அவ்ளோ அகலமா அந்த கோடு விரியும், சின்னக் கொழந்தையோட முடிய வச்சா சுவர்ல இன்னும் தள்ளித் தள்ளி விழும். (லேசர கண்ணுல அடிக்கக் கூடாதுன்றத மட்டும் பத்து தடவ சொல்லுங்க.)

அடுத்தது செல். ஸ்டூடண்ட் மைக்ராஸ்கோப் ஒன்னு இருக்கு, 10 மடங்கு ஐபீஸ், 4, 10, 40 மடங்கு லென்ஸ். 4 லென்ஸ் போட்டு பிளாஸ்டிக் ஸ்கேல கீழ வச்சு பாத்தா வட்டத்துக்குள்ள நாலரை மில்லிமீட்டர் தெரியுது. 40 லென்ஸுக்கு மாத்துனா அதுல பத்துல ஒரு பங்குதான் தெரியும், அப்போ வட்டம் 450 மைக்ரான். இது ஒன்னு தெரிஞ்சா போதும், எத்தன செல் அந்த வட்டத்துக்குள்ள குறுக்கால அடங்கும்னு எண்ணுனா சைஸ் வந்துடும். கன்னத்து உள்பக்கம் இயர்பட்ஸ்ல லேசா தேய்ச்சு எடுத்து மெத்திலீன் ப்ளூ ஒரு சொட்டு விட்டு பாத்தோம், எட்டு செல் பக்கத்துல பக்கத்துல வச்சா வட்டம் நெறையும்ன்ற கணக்கு வந்துச்சு, அப்போ ஒன்னு 56 மைக்ரான். 172 சென்டிமீட்டர். முடிக்கும் அதுக்கும் நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம், கன்னத்து செல்லு முடியோட தடிமனுக்கு கிட்டத்தட்ட வந்துடும்னு பசங்க நெனைக்கவே இல்ல.

ரத்தத்துக்கு பசங்க விரல குத்தக் கூடாதுனு முடிவு பண்ணிட்டோம். லேப் டெக்னீஷியனா இருக்குற சொந்தக்காரர் கலர் ஏத்துன பழைய ஸ்லைடு ஒன்னு குடுத்தாரு. சிவப்பணு நெருக்கமா வரிசையா ஒட்டிகினு இருக்குற இடமா தேடி எண்ணுனா வட்டத்துல அஞ்சுல ஒரு பங்கு நீளத்துக்குள்ள பன்னெண்டு. 90 மைக்ரான வகுத்தா 7.5. முடி 75, சிவப்பணு 7.5, அதனால அந்த ரெண்டு அட்டைக்கும் நடுவுல சரியா ஒரு படி, 30 சென்டிமீட்டர். இது எதேச்சையா அமைஞ்சது, ஆனா பத்து மடங்குனா இன்னான்னு காட்ட இத விட நல்ல ஜோடி கெடைக்காது.

தயிர்ல இருக்குற பாக்டீரியாவயும் பாத்தோம். தயிர தண்ணில நல்லா கலக்கி ஸ்லைடுல மெலிசா தடவி, காய வச்சு, தீ மேல ரெண்டு தடவ காட்டி, அதே மெத்திலீன் ப்ளூ. நீலமா பொடிப்பொடி குச்சியும் புள்ளியும் தெரியும். அளவுனு சொன்னா சிவப்பணுல கால்வாசி நீளம், சுமார் 2 மைக்ரான், 129 சென்டிமீட்டர் உயரம். பச்சை அட்டைதான், ஆனா ஓரத்துல பென்சில்ல "சுமாரா"ன்னு எழுதியிருக்கோம். ஏன்னா இங்கதான் வெளிச்சம் கைய விரிக்கிற இடம் ஆரம்பிக்குது. 40 லென்ஸ் மேல 0.65னு பொறிச்சிருக்கும் பாருங்க, அது லென்ஸ் எவ்ளோ அகலமா வெளிச்சத்த வாங்குதுன்ற அளவு. வெளிச்சத்தோட அலைநீளத்த அதோட ரெண்டு மடங்கால வகுத்தா அந்த லென்ஸ் பிரிச்சுக் காட்டக்கூடிய சின்ன தூரம் வரும். பச்சை வெளிச்சம் 550 நானோமீட்டர்னு வச்சா 0.4 மைக்ரானுக்கு மேல. எண்ணெய் விட்டு பாக்குற 100 லென்ஸ் வாங்குனாக் கூட 0.2-தான். அதுக்குக் கீழ எவ்ளோ பெருசு பண்ணாலும் மங்கல்தான் பெருசாகும்.

கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர், அதாவது 0.1 மைக்ரான். இன்ஃப்ளூயன்சாவும் அதே ரேஞ்சு, எச்ஐவி 120 கிட்ட, போலியோ வெறும் 30. எல்லாமே அந்த கோட்டுக்குக் கீழ. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேணும், அது டியூஷன் சென்டர்ல இல்ல. அதனால 10⁻⁷ படில, 90 சென்டிமீட்டர் உயரத்துல சிவப்பு அட்டை. போலியோ 74-ல இன்னொரு சிவப்பு.

"நம்ம ஊர் ஆஸ்பத்திரிலதான சார் இந்தியாவுல முதல்ல எச்ஐவி கண்டுபிடிச்சாங்க, அவங்க அத பாத்தாங்களா?"னு பத்தாவது பொண்ணு ஒருத்தி கேட்டா. நல்ல கேள்வி. 1986-ல சென்னைல எடுத்த ரத்த சாம்பிள்ங்க வேலூர் சிஎம்சிக்கு வந்துச்சு, இங்க டெஸ்ட் பண்ணி அதுல ஆறு பாசிட்டிவ்னு கண்டுபிடிச்சாங்க, அது சரிதான். ஆனா எலைசா டெஸ்ட்ல யாரும் வைரஸ கண்ணால பாக்கறதில்ல. வைரஸ எதிர்த்து உடம்பு செய்யுற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கானு கலர் மாறுறத வச்சு பாக்குறாங்க. இருக்குன்றது தெரியும், எவ்ளோ பெருசுன்றது அதுல தெரியாது. அதனால எங்க கணக்குப்படி அதுவும் சிவப்புதான்னு அவளே சொல்லிட்டா.

வைரஸோட நின்னுடும், கீழ எல்லாமே சிவப்புதான்னு பசங்க நெனச்சுகினு இருந்தாங்க. ஆனா வைரஸ தாண்டி ரெண்டு படி கீழ இறங்க ஒரு தாம்பாளமும் தண்ணியும் போதும். எனக்கு இந்த ஏணிலயே புடிச்ச இடம் இதான், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

எண்ணெய் தண்ணில பரவும்போது ஒரு கட்டத்துக்கு மேல பரவாது. ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுக்கு வந்ததும் நின்னுடும், ஏன்னா எண்ணெய்ல இருக்குற ஒலியிக் ஆசிட் மாதிரி மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணிய புடிச்சுக்கும், மீதி வாலு தண்ணி ஆகாம மேல தூக்கிகினு நிக்கும், வயல்ல நட்ட நாத்து மாதிரி. அப்போ சொட்டுல எவ்ளோ எண்ணெய் இருக்குனு தெரிஞ்சு, எவ்ளோ பரப்புக்கு பரவுச்சுனு அளந்தா, வகுத்தா தடிமன் வந்துடும். அந்த தடிமன்தான் மூலக்கூறோட உயரம்.

முழு சொட்டு எண்ணெய விட்டா தாம்பாளம் பத்தாது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் லண்டன்ல கிளாப்பம்ன்ற இடத்துக் குளத்துல ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊத்துனதும் அது பரவி பரவி அரை ஏக்கர் தண்ணிய கண்ணாடி மாதிரி அமைதியாக்கிடுச்சுனு 1774-ல எழுதி வச்சிருக்காரு. 5 மில்லிய 2000 சதுர மீட்டரால வகுத்துப் பாருங்க, 2.5 நானோமீட்டர். அவரு அந்த வகுத்தல் போடல. வைரஸுனு ஒன்னு இருக்குன்றதே 1890-கள்லதான் தெரிய வந்துச்சு, அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே அத விட சின்னத அளக்கத் தேவையான ரெண்டு நம்பரும் பேப்பர்ல இருந்துருக்கு.

தாம்பாளத்துக்கு அடங்கணும்னா எண்ணெய கரைக்கணும். லேப் சாமான் கடைல ஒலியிக் ஆசிட் சின்ன பாட்டில், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்குனோம். 1 மில்லி ஒலியிக் ஆசிட்ல ஆல்கஹால் ஊத்தி மொத்தம் 20 மில்லி ஆக்கணும். அதுலருந்து 1 மில்லி எடுத்து திரும்ப ஆல்கஹால் ஊத்தி 20 மில்லி. இப்போ கரைசல்ல 400-ல ஒரு பங்குதான் எண்ணெய்.

சொட்டு எவ்ளோன்றத எண்ணித்தான் கண்டுபிடிக்கணும். சிரிஞ்சுல ஊசிய கழட்டிட்டு 1 மில்லி முழுசா சொட்டு சொட்டா விட்டா 50 வந்துச்சு. ஒரு குரூப் தண்ணிய வச்சு எண்ணுனாங்க, 20-தான் வந்துச்சு, அதயே கணக்குல போட்டாங்க. ஆல்கஹாலுக்கு பரப்பு இழுவிசை கம்மி, சொட்டு சின்னதாவே அறுந்து விழும். தண்ணி சொட்டுக் கணக்க போட்டா விடை ரெண்டரை மடங்கு பெருசா வந்துடும். எந்த திரவத்த சொட்ட போறீங்களோ அதயே எண்ணுங்க.

தாம்பாளம் பெரிசா எவர்சில்வர்ல வேணும், வட்டத்துக்கு 20 சென்டிமீட்டர் எடம், சுத்தி இன்னும் கொஞ்சம். பிரியாணி போட்ட தாம்பாளம்னா அதுல ஏற்கனவே எண்ணெய் ஒட்டிகினு இருக்கும், சோப்பு போட்டு தேய்ச்சா சோப்பு ஒட்டிக்கும், சோப்பும் இதே மாதிரி பரவுற சாமான்தான். அதனால தேய்ச்சதுக்கு அப்புறம் அலசு அலசுனு அலசணும். தண்ணி கேன் தண்ணிதான். எங்க போர் தண்ணி செம உப்பு, பாலாத்தங்கரைல இருக்குறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, அதுல இருக்குற கால்சியம் ஒலியிக் ஆசிட் கூட சேந்து ஒரு மாதிரி சோப்பு ஆடையா மாறிடும், வட்டம் சரியா விரியாது.

தண்ணி அசையாம நின்னதும் முகத்துக்கு போடுற பவுடர மெலிசா துணில தட்டி தூவணும். தண்ணி மேல லேசா தூசி படிஞ்ச மாதிரி இருந்தா போதும், வெள்ளையா மூடிட்டா பவுடரே கெட்டியா நின்னு எண்ணெய விரிய விடாது. எண்ணெய விடுறதுக்கு முன்னாடி வெறும் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு பாக்கணும், இத யாரும் விட்றாதீங்க. பவுடர் சட்டுனு விலகும், கொஞ்ச நேரத்துல திரும்ப மூடிக்கும், ஏன்னா ஆல்கஹால் தண்ணில கரைஞ்சு போயிடுது. மூடலனா உங்க ஆல்கஹால் இல்லனா சிரிஞ்சு அழுக்கு. விலகவே இல்லனா பவுடர் ஜாஸ்தி இல்லனா தண்ணி மேல ஏற்கனவே எண்ணெய் இருக்கு. மறுபடி கழுவ வேண்டியதுதான்.

அப்புறம் நடுவுல ஒரே ஒரு சொட்டு கரைசல். பவுடர் பளார்னு பெரிய வட்டமா விலகுது, கொஞ்சம் சுருங்குது, அப்படியே நிக்குது. அந்த முதல் பெரிய வட்டத்த அளக்காதீங்க, அதுல ஆல்கஹாலும் இருக்கு, நின்னதுக்கு அப்புறம் அளங்க. வட்டம் சரியான வட்டமா வராது, ஓரம் நெளிஞ்சு இருக்கும், நாலு பக்கமா அளந்து சராசரி எடுத்தோம், 20 சென்டிமீட்டர்.

கணக்கு: ஒரு சொட்டு 0.02 மில்லி, அதுல எண்ணெய் 400-ல ஒன்னு, 0.00005 கன சென்டிமீட்டர். வட்டத்தோட பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். வகுத்தா 0.00000016 சென்டிமீட்டர், அதாவது 1.6 நானோமீட்டர். ஏணில 36 சென்டிமீட்டர் உயரம், பச்சை அட்டை.

இந்த மூலக்கூறோட நெஜ நீளம் 2 நானோமீட்டர் பக்கம். நாங்க 1.6. பசங்க வருத்தப்பட்டாங்க, ஆனா ஏணில அந்த வித்தியாசம் எவ்ளோ தெரியுமா? 3 சென்டிமீட்டர். தண்ணி சொட்ட எண்ணுன குரூப்போட ரெண்டரை மடங்கு தப்பே 12 சென்டிமீட்டர்தான், அரைப் படி கூட ஆகல. இந்த ஏணி தாராள மனசுக்காரன், எந்த படிக்கு பக்கத்துலன்றது மட்டும்தான் அதுக்கு முக்கியம். அதே காரணத்தால இத வச்சு 1.6-ஆ 2-ஆன்ற பஞ்சாயத்த தீக்கவும் முடியாது.

மூலக்கூறு வந்துட்டா அணு தூரம் இல்ல. ஒலியிக் ஆசிட்ல 18 கார்பன் ஒன்னுக்கு அப்புறம் ஒன்னா சங்கிலியா கோத்திருக்கு, இத மட்டும் புக்குலருந்து எடுத்துகிட்டோம். 1.6-அ 18-ஆல வகுத்தா 0.09 நானோமீட்டர். சங்கிலி நேரா இருக்காது, வளைஞ்சு நெளிஞ்சுதான் போகும், நடுவுல ஒரு மடிப்பு வேற, அதனால நெஜத்துல கார்பனுக்கு கார்பன் தூரம் 0.154. ஆனாலும் விழுந்தது 10⁻¹⁰ படி மேலயேதான். அந்த அட்டைக்கு இன்னா கலர்னு ரொம்ப நேரம் வாக்குவாதம், கடைசில பாதி பச்சை பாதி சிவப்பு அடிச்சாங்க.

ஆக கடைசில ஏணிய பாத்தா மேல பச்சை, கீழ பச்சை, நடுவுல வைரஸ் மட்டும் சிவப்பு. எண்ணெய் மூலக்கூற விட கொரோனா வைரஸ் அறுபது மடங்கு பெருசு, ஆனா அதத்தான் எங்களால அளக்க முடியல. எண்ணெய் தானா வரிசைல நின்னு கோடிக்கணக்குல ஒரே தடிமனுக்கு பரவிக் குடுக்குது, வைரஸ் அப்படி தாம்பாளத்துல வந்து நிக்காது.

ஏணி ஒரு விஷயத்த மறைக்குது, அதயும் பசங்களுக்கு காட்டணும்னு தோணுச்சு. எல்லா படியும் ஒரே உயரம்னு பாக்குறப்போ அணுவுக்கும் எறும்புக்கும் ரெண்டரை மீட்டர்தான்ற மாதிரி மனசுல பதிஞ்சுடும். அதனால எல்லாத்தயும் ஒரு கோடி மடங்கு, அதாவது ஏழு படி மேல தூக்குனோம். அணு இப்போ 1 மில்லிமீட்டர், ஒரு கசகசா. எண்ணெய் மூலக்கூறு ஒன்றரை சென்டிமீட்டர். கொரோனா 1 மீட்டர், தயிர் பாக்டீரியா 20 மீட்டர், சிவப்பணு 75 மீட்டர், கன்னத்து செல் அரை கிலோமீட்டருக்கு மேல. சித்தெறும்பு 20 கிலோமீட்டர், வேலூர்ல தலைய வச்சா ஆற்காடு கிட்ட வால் முடியும். கட்டெறும்பு 100 கிலோமீட்டர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போயிடும். முந்துன அட்டை வேலூர்ல இருக்குற ஓட்டேரி கூட தாண்டலியே சார்னு ஒருத்தன் கேட்டான், அவன் கேட்டது சரிதான், செல்லுக்கும் எறும்புக்கும் நடுவுல ஊரே காலி.

இன்னொன்னு, நீளம் பத்து மடங்குனா உள்ள அடங்குறது பத்து இல்ல, ஆயிரம். ஒரு சிவப்பணுவோட கொள்ளளவு சுமார் 90 கன மைக்ரான், ஒரு கொரோனா உருண்டை 0.0005. வகுத்தா ஒன்னே முக்கால் லட்சம் பக்கம் வருது. ஏணில அந்த ரெண்டு அட்டைக்கும் நடுவுல 56 சென்டிமீட்டர்தான்.

இப்போ பசங்க கேக்குறது அணுவுக்குள்ள இருக்குற கரு. ஹைட்ரஜன் கரு 10⁻¹⁵ மீட்டர் பக்கம், இன்னும் அஞ்சு படி கீழ, 150 சென்டிமீட்டர். மேல ஒரு ஆள் சைஸ் சேக்கணும்னா 10⁰ படிக்கு 60 சென்டிமீட்டர் மேல போகணும், அது ஷீட்டு கூரைல இடிக்குது. வெல்டர் அண்ணன் மேல நீட்டுறது ஈஸி, கீழ வேணும்னா குழி தோண்டி வைங்க, பைப்பு நான் தரேன்னுட்டாரு.